3 மணி நேரக் காதுகுத்து, 12 நிமிட வீடியோ

விசேஷம் முடிந்து சில வாரங்களில் வீடியோகிராபர் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுக்கிறார். உள்ளே 3 மணி 10 நிமிட வீடியோ. அளவு ஏறக்குறைய 40 ஜிபி. அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு எடுத்த துண்டு வீடியோக்கள் நூற்றுக்கு மேல் சேர்ந்துவிடுகின்றன. வெளிநாட்டுச் சொந்தங்களோ "வீடியோ எப்ப அனுப்புவீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 40 ஜிபியை அப்படியே அனுப்ப வழியில்லை. எப்படியோ அனுப்பிவிட்டாலும், வேலை முடிந்து அலுத்து வீடு திரும்புகிறவர் மூன்று மணி நேரத்தையும் பார்க்கப் போவதில்லை. முதல் பத்து நிமிடத்துக்கு விநாயகர் படமும் பூ அலங்காரமும் ஓடும். அதற்கே ஓட்டிவிட ஆரம்பித்துவிடுவார்.

என் தம்பி மகளின் காதுகுத்தை வைத்தே சொல்கிறேன். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். மாசி மாதம், காலை ஏழரை மணி. குழந்தையின் தாய்மாமன் டொரன்டோவில் இருக்கிறார். விடுப்பு கிடைக்காததால் வர முடியவில்லை. அவருடைய பெரியப்பா மகன் தாய்மாமன் முறைக்கு மனையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். அங்கே முந்தின நாள் இரவு ஒன்பது மணி. குழந்தையின் அம்மாச்சி கைப்பேசியை உயர்த்திப் பிடித்து மகனுக்கு வீடியோ காலில் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தார். ஆசாரி ஊசியை எடுக்கிற சமயம் பார்த்து சிக்னல் போய்விட்டது. மருமகளுக்குக் காது குத்தியதைத் தாய்மாமன் பார்க்கவே இல்லை. வீடியோ அனுப்பும் வேலை என் கைக்கு வந்தபோது, யாருக்காக இதை வெட்டி ஒட்டுகிறோம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வெளிநாட்டுக்கு அனுப்பும் குடும்ப வீடியோவில் முதல் கேள்வியே அதுதான். வீடியோகிராபர் தருவது நிகழ்ச்சியின் பதிவு. முகூர்த்தத்திலிருந்து பந்தி வரை நடந்தது நடந்தபடி இருக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், அனுப்ப வேண்டியதில்லை. தூரத்தில் இருப்பவர் சடங்கின் வரிசையைத் தேடுவதில்லை, ஆட்களைத் தேடுகிறார். அப்பா மெலிந்துவிட்டாரா, சின்னத் தாத்தா இன்னும் கைத்தடியோடுதான் நடக்கிறாரா, பேசாமல் இருந்த இரண்டு வீட்டார் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்களா என்று பார்க்கிறார். அதனால் கிளிப்களைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதினேன். பார்க்கப் போகிறவர்கள் ஒரு பக்கம். அவர்கள் ஒவ்வொருவரும் யாரைத் தேடுவார்கள் என்பது எதிர்ப்பக்கம். இரண்டாவது பட்டியலில் உள்ள எல்லோரும் முகம் தெளிவாகத் தெரியும்படி குறைந்தது மூன்று நொடியாவது வந்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். மூன்று நொடிக்குக் குறைந்தால், கண் முகத்தைப் பிடிப்பதற்குள் காட்சி மாறிவிடுகிறது.

அடுத்தது கிளிப்களைச் சேர்ப்பது. சொந்தக்காரர்களின் கைப்பேசியில் இருப்பதை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பச் சொன்னால் பாதி தரம் அங்கேயே போய்விடும். கேலரியிலிருந்து அனுப்பும் வீடியோவை வாட்ஸ்அப் சுருக்கிவிடுகிறது. சாதாரணத் தரத்தில் படம் 480 வரிக்கு இறங்கிவிடும். HD என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் 720 வரிதான். கூடவே, எத்தனை மணிக்கு எடுத்தது என்ற குறிப்பும் அழிந்துவிடும். கோப்பின் பெயர் VID-20250226-WA0012 என்பது போல இருந்தால் அது வாட்ஸ்அப் வழியாக வந்தது என்று அர்த்தம். அந்தத் தேதியை நம்பி வரிசைப்படுத்த முடியாது. ஆகவே ஒவ்வொருவரிடமும் பேப்பர் கிளிப் குறியை அழுத்தி, Document என்பதன் வழியாகக் கோப்பாக அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி வருகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் என்றால் கேபிளைச் செருகி நேரடியாக எடுத்துக்கொள்வதே நல்லது.

வந்த கோப்புகளை ஆள் வாரியாக ஃபோல்டரில் போட்டு, எல்லாவற்றையும் வேறொரு ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்துவைத்த பிறகுதான் வெட்டுவதற்கு உட்கார வேண்டும். நேரத்தை ஒத்துப்பார்ப்பதில் ஒரு சிக்கல் வரும். கைப்பேசிகள் எல்லாம் நெட்வொர்க்கிலிருந்து மணி வாங்குவதால் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கும். வீடியோகிராபரின் கேமராவில் கையால் வைத்த மணி. எங்கள் விசேஷத்தில் அது பதினோரு நிமிடம் முந்தியிருந்தது. இதைச் சரிசெய்ய எல்லாக் கிளிப்களிலும் கேட்கும் ஒரே ஒலியைப் பிடித்துக்கொள்ளலாம். காது குத்தும்போது கெட்டிமேளம் தொடங்கும் முதல் தவில் அடி, டைம்லைனில் ஒலியின் அலைவடிவத்தில் செங்குத்தான கோடாக எழும்பும். எல்லாக் கிளிப்களிலும் அந்தக் கோட்டை ஒரே நேர்கோட்டில் நிறுத்தினால் மற்றவை தாமாகப் பொருந்திவிடுகின்றன.

இனி தேர்வு. முதல் சுற்றில் எதையும் வெட்டாமல், அழிக்காமல், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து 'கட்டாயம்', 'இருக்கலாம்', 'வேண்டாம்' என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் பார்வையிலேயே வெட்ட ஆரம்பித்தால், நாலாவது கைப்பேசியில் அதே காட்சி இன்னும் நன்றாக இருப்பது பிறகுதான் தெரியவரும். ஆசாரி ஊசியை வைத்த கணத்தில் எங்கள் வீடியோகிராபரின் கேமராவுக்குக் குறுக்கே யாருடைய தோளோ வந்துவிட்டது; அந்தக் காதைப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் சித்தி ஒருத்தி பக்கவாட்டில் நின்று செங்குத்தாக எடுத்த கிளிப்பில் ஆசாரியின் விரல், குழந்தையின் காது, மடியில் வைத்திருப்பவரின் இறுகிய முகம் மூன்றும் ஒன்றாக விழுந்திருந்தன. லேசாக ஆடுகிறது, ஓரத்தில் ஒரு சீர்த்தட்டு மறைக்கிறது. இருந்தாலும் அதுதான் காட்சி. கேமரா உசத்தியா என்று பார்க்காமல், நடந்தது எதில் தெரிகிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

செங்குத்தாக எடுத்ததை அகலத் திரையில் வைத்தால் இரண்டு பக்கமும் காலியாக நிற்கும். அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் பரப்புவது இப்போது எல்லோரும் செய்வது. எனக்கு அது கண்ணை உறுத்துகிறது. காது குத்தும் இடத்தில் சித்தியின் கிளிப்பை ஒரு பக்கமும், அதே நொடியில் இன்னொருவர் எடுத்த அம்மாச்சியின் முகத்தை மறுபக்கமும் வைத்தேன். நேரத்தை ஏற்கெனவே ஒத்துவைத்திருந்ததால் இரண்டும் ஒரே கணத்தில் ஓடுகின்றன. ஊசி இறங்குகிறபோது இந்தப் பக்கம் குழந்தை வீறிடுகிறது, அந்தப் பக்கம் அம்மாச்சி கண்ணை மூடிக்கொள்கிறார்.

12 நிமிடத்தில் இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு நிமிடம் கொடுத்தேன். நடுவில் வெட்டே இல்லை. மொட்டை, குளிப்பாட்டு, புதுத்துணி எல்லாம் சேர்த்து ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால் படம் தட்டையாகிவிடும். தாய்மாமன் வீட்டுச் சீர் வருவதற்கு ஒன்றரை நிமிடம். தட்டைச் சுமந்து வந்தவர்கள் ஒருவர் விடாமல் தெரிய வேண்டும், அங்கே பஞ்சம் பார்த்தால் வருத்தம் வரும். பந்தியில் சாப்பாட்டைக் காட்டுவதைவிடப் பரிமாறியவர்களையும் பேசிக்கொண்டிருந்தவர்களையும் காட்டுவது மேல்.

சிலவற்றைத் தெரிந்தே விட்டேன். கிடா வெட்டியதை விட்டுவிட்டேன். அங்கே சின்னப் பிள்ளைகளும் உட்கார்ந்து பார்ப்பார்கள். குழந்தையைக் குளிப்பாட்டியதில் உடம்பு தெரிகிற கிளிப் எதையும் சேர்க்கவில்லை. அனுப்பிய வீடியோ எத்தனை கை மாறும் என்று நமக்குத் தெரியாது. மொய் எழுதும் மேசையும் அப்படித்தான். வீடியோகிராபர் நோட்டை நெருக்கத்தில் எடுத்திருந்தார். நிறுத்திப் பார்த்தால் யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது எழுத்துக்கு எழுத்துப் படிக்க முடிந்தது. இப்படி ஒன்று குழுவில் போனால் வரும் மனத்தாங்கல் வருஷக்கணக்கில் தீராது. பின்னணியில் இருப்பதையும் பெரிய திரையில் நிறுத்திப் பார்த்துவிடுவது அவசியம்.

பேச்சை விட்டுவிடக் கூடாது என்பதை எனக்குச் சொன்னவர் டொரன்டோக்காரர். பாதி முடித்து ஒரு பகுதியை அனுப்பியிருந்தேன். பார்த்துவிட்டு அன்று இரவே கூப்பிட்டார்.

"அத்தான், நல்லாருக்கு. ஆனா பாட்டுதான் ஓடுது, யாரு பேசுறதும் கேக்கலயே. அம்மா ஏதோ சொல்லிச் சிரிக்கிறாங்க, அது என்னன்னு கேக்கணும் எனக்கு."

"பின்னால மேளச் சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு மாப்ள, அதான் பாட்டுப் போட்டேன்."

"மேளம் இருந்தா இருக்கட்டும் அத்தான். அதக் கேட்டு நாலு வருஷமாச்சு."

பின்னணி இசை பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்ததை அந்தப் பேச்சு மாற்றிவிட்டது. நம்மில் பெரும்பாலோர் நிகழ்ச்சியின் சொந்த ஒலியை மொத்தமாக அணைத்துவிட்டு, மேலே சினிமாப் பாட்டைப் பரப்பிவிடுகிறோம். காரணம் சோம்பல் அல்ல. வெவ்வேறு கிளிப்களை அடுத்தடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு வெட்டிலும் மேளம் குதிக்கிறது. ஒரு கிளிப்பில் நாதஸ்வரம் உச்சத்தில் இருக்கும், அடுத்ததில் தவில் மட்டும் இருக்கும், அதற்கடுத்ததில் ஜனங்களின் இரைச்சல். காதுக்கு அது கல்லில் மாட்டுவண்டி போவது போல இருக்கிறது. அதை மூடத்தான் பாட்டு.

மூடாமலே இதைச் சரிசெய்யலாம். ஒரே கேமராவில் நீளமாகப் பதிவான மேளச் சத்தம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைக் கீழே ஒரே துண்டாக நீட்டிவிட வேண்டும். அதற்கு மேலே எத்தனை கிளிப் வேண்டுமானாலும் மாறலாம். அவற்றின் சொந்த ஒலியைக் குறைத்துவிட்டால் மேளம் அறுபடாமல் ஓடும். படம் மாறுவது கண்ணுக்கு மட்டும் தெரியும், காதுக்குத் தெரியாது. மேளத்துக்கு மிக அருகில் நின்று எடுத்த கிளிப்பைத் தவிர்க்க வேண்டும். தவிலுக்கு நாலடி தூரத்தில் கைப்பேசியின் மைக் திணறிவிடும். அலைவடிவத்தின் மேல்முனை கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக நிற்கும், கேட்டால் கரகரக்கும். அந்தக் கரகரப்பை எந்த மென்பொருளும் முழுசாக நீக்கிவிடாது. முப்பது, நாற்பது அடி தள்ளி நின்று எடுத்தவரின் ஒலி சுத்தமாக இருக்கும். முடிக்கும் இடத்தைக் கண்ட இடத்தில் வெட்டாமல், தவில்காரர் தீர்மானம் வைத்து நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் காட்சியும் அங்கே தானாக முடிந்துவிடும்.

யாராவது பேசும் இடம் வந்தால் கீழே ஓடும் மேளத்தை 15 முதல் 20 டெசிபெல் வரை இறக்க வேண்டும். இறக்குவது திடீரென்று இருக்கக் கூடாது. பேச்சுக்கு ஒரு நொடி முன்பே மெல்ல இறங்கி, முடிந்தபின் மெல்ல ஏற வேண்டும். சரியாக இருக்கிறதா என்பதை ஹெட்போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில், ஒலியைப் பாதி வைத்து, பக்கத்து அறையில் டிவி ஓடும்போது கேளுங்கள். அங்கே பாட்டியின் வார்த்தை புரிந்தால் டொரன்டோவிலும் புரியும். மாமன் கேட்ட அந்தச் சிரிப்பை இப்படித்தான் மீட்டேன். "எங்க அண்ணன் மடியில நானும் இப்படித்தான் அழுதேனாம்" என்று அம்மாச்சி பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சினிமாப் பாட்டே வேண்டாமா என்றால், வீட்டுக்குள் பார்க்கிற பிரதியில் அது அவரவர் விருப்பம். யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் நிலைமை வேறு. காப்புரிமைச் சட்டம் 1957, மதச் சடங்குகளில் பாட்டு வாசிக்கவும் ஒலிக்கவும் விலக்கு தருகிறது. திருமண ஊர்வலமும் அதில் அடங்கும். பலர் அதை வைத்துக்கொண்டு தைரியமாக இருந்துவிடுகிறார்கள். அந்த விலக்கு சடங்கு நடக்கும் இடத்துக்கு உரியது. அதே பாட்டை வீடியோவில் சேர்த்து இணையத்தில் ஏற்றுவது அதற்குள் வராது. யூடியூபின் Content ID என்ற தானியங்கி ஏற்பாடு, ஏற்றும் ஒவ்வொரு வீடியோவையும் உரிமையாளர்கள் கொடுத்த பாட்டுகளோடு ஒப்பிடுகிறது. பாட்டு பொருந்தினால் விளம்பரம் வரலாம், ஒலி போகலாம், சில நாடுகளில் மட்டும் வீடியோ தடைபடலாம். கடைசிதான் நமக்கு ஆபத்து: இங்கே நன்றாக ஓடும், கனடாவில் திறக்காது. Unlisted என்று வைத்தாலும் இந்தச் சோதனை உண்டு. நீங்கள் பாட்டே சேர்க்காவிட்டாலும், மண்டபத்து ஒலிபெருக்கியில் ஓடிய பாட்டு பின்னணியில் பதிவாகியிருந்தால் அதுவும் பிடிபடும். ஏற்றும்போது வரும் Checks என்ற கட்டத்தில் இது தெரிந்துவிடும். சுட்டியை அனுப்புவதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தியாகராஜர் கீர்த்தனை என்றால் பழையதுதானே என்று நினைப்பார்கள். கீர்த்தனைக்கு உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது, உண்மைதான். அதை ஒரு வித்வான் வாசித்து ஒரு நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை இருக்கிறது. சிக்கலில்லாத இசை கோயில் வாசலிலேயே இருந்தது. விசேஷம் முடிந்து மேளக்காரர்கள் சாப்பிட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், வீடியோவில் சேர்த்து வெளியூர்ச் சொந்தங்களுக்கு அனுப்பலாமா என்று கேட்டு, நாதஸ்வரக்காரரை வேப்பமரத்தடியில் ஐந்து நிமிடம் தனியாக வாசிக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்தோம். பேச்சோ இரைச்சலோ இல்லாத அந்தப் பதிவு தலைப்புக்கும் முடிவுக்கும் போதுமானதாக இருந்தது.

தலைப்பு என்றதும் எழுத்து நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரில் வளரும் என் கடைசித் தம்பியின் பிள்ளைகளுக்குப் பாதிப் பேரை அடையாளம் தெரியாது. அதனால் முக்கியமானவர்கள் முதல்முறை வரும்போது திரையின் கீழே முறையையும் ஊரையும் போட்டேன்: 'சின்னத் தாத்தா, சிவகாசி' என்பது போல. ஒரே ஆள் ஒருவருக்குச் சித்தப்பா, இன்னொருவருக்கு மாமா ஆவார் என்பதால் எல்லா முறையும் காது குத்திக்கொண்ட குழந்தையின் பக்கமிருந்தே சொல்லப்பட்டது. சில எடிட்டிங் செயலிகளில் தமிழ் எழுத்து உடைந்துவிடும். 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறி நிற்கும். முன்னோட்டத்தில் சரியாகத் தெரிந்து, முடித்த கோப்பில் உடைவதும் உண்டு. கடைசிக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு பெயரையும் பார்த்துவிட வேண்டும்.

இப்போது அளவு. ஒரு வீடியோ எவ்வளவு பெரிசாக இருக்கும் என்பதை இரண்டு விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன: எத்தனை நொடி ஓடுகிறது, ஒரு நொடிக்கு எவ்வளவு தகவல் செலவாகிறது. இரண்டாவதைப் பிட்ரேட் என்கிறார்கள். அது மெகாபிட் கணக்கில் வரும். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், பிட்ரேட்டை நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் எம்பி கிடைத்துவிடும். வீடியோகிராபரின் கேமரா நொடிக்கு 28 மெகாபிட்டில் எடுத்திருந்தது. 3 மணி 10 நிமிடம் என்பது 11,400 நொடி. பெருக்கி வகுத்தால் 39,900 எம்பி; பென் டிரைவில் இருந்த 40 ஜிபி அப்படி வந்ததுதான்.

நம் 12 நிமிடம் 720 நொடி. முழு HD என்று சொல்லும் 1080 வரியில், நொடிக்கு 5 மெகாபிட் கொடுத்தால் வீட்டு டிவியில் பார்க்கத் தாராளமாகப் போதும். 5 முறை 720 வகுத்தல் 8, அதாவது 450 எம்பி. ஒலிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு எம்பி. ஆக 460 எம்பிக்கு அருகில். அதையே 720 வரியில் 2 மெகாபிட்டாகக் கொடுத்தால் ஒலியோடு சேர்த்து 190 எம்பிதான். கைப்பேசியில் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வெட்டி முடித்த பெரிய கோப்பை இப்படிச் சின்னதாக்க HandBrake என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் 720p அளவைத் தேர்ந்தெடுத்து, Avg Bitrate என்ற கட்டத்தில் 2000 என்று எழுதி, Web Optimized என்பதில் ஒரு டிக் போட்டால் போதும். அந்த டிக் இருந்தால், இணையத்திலிருந்து நேரடியாகப் பார்ப்பவர் முழுக் கோப்பும் இறங்கும்வரை காத்திருக்காமல் ஓடவிட முடியும்.

பிட்ரேட்டைக் குறைத்தால் முதலில் கெடுவது எது என்று தெரிந்துகொள்வது கிளிப் தேர்வுக்கே உதவும். வீடியோவைச் சுருக்கும் முறை, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மாறாத பகுதியைத் திரும்பத் திரும்பச் சேமிக்காமல் விடுகிறது. சுவர் முன்னால் உட்கார்ந்து பேசும் பாட்டிக்குக் கொஞ்சம் தகவல் போதும். பூத் தூவுவது, கூட்டத்தின் நடுவே கேமரா சுழல்வது, காற்றில் ஆடும் வேப்பிலை, டிரோன் படம் எல்லாம் நொடிக்கு நொடி முழுசாக மாறுகின்றன. பிட்ரேட் பற்றாமல் முகங்கள் கட்டங்கட்டமாக உடையும். அதனால் வாட்ஸ்அப் குழுவுக்கென்று நான் தனியாகச் செய்த இரண்டு நிமிடத் துண்டில் நெருக்கமான முகங்களையும் ஆடாத காட்சிகளையும் மட்டும் வைத்தேன். நொடிக்கு ஒரு மெகாபிட், மொத்தம் 17 எம்பி, குறை தெரியவில்லை. டிரோன் காட்சி பெரிய பிரதியோடு நின்றுவிட்டது.

அந்த 17 எம்பிக்கு இன்னொரு வசதி உண்டு. ஜிமெயிலில் இணைப்புக்கு 25 எம்பி வரம்பு. அஞ்சலுக்காக மாற்றும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும் என்பதால் 18 எம்பிக்குள் வைப்பதுதான் பத்திரம். வாட்ஸ்அப்பே பயன்படுத்தாத ஒரு பெரியவருக்கு அது மின்னஞ்சலிலேயே போய்ச் சேர்ந்தது.

முழு 12 நிமிடத்துக்கும் வாட்ஸ்அப் போதும், Document வழியாக அனுப்பினால். 2 ஜிபி வரைக்கும் அது தொடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. டெலிகிராமிலும் இலவசக் கணக்குக்கு அதே 2 ஜிபிதான். சரியாகப் போனதா என்று அறிய ஒரு எளிய வழி, பெற்றவரிடம் கோப்பின் அளவைக் கேட்பது. நாம் அனுப்பியது 460 எம்பி, அவர் சொல்வது ஐம்பதோ அறுபதோ என்றால் நடுவில் யாரோ கேலரி வழியாக ஃபார்வர்டு செய்திருக்கிறார்கள். கூகுள் டிரைவில் ஏற்றிச் சுட்டி அனுப்பினால், மெயில், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து இலவச இடம் 15 ஜிபிதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஏற்றிய கொஞ்ச நேரத்துக்கு அங்கேயே ஓடவிட்டுப் பார்த்தால் படம் மங்கலாக இருக்கலாம், அல்லது தயாராகிக்கொண்டிருக்கிறது என்று சொல்லும். யூடியூபிலும் முதலில் தரம் குறைந்த பிரதிதான் வரும், HD பிறகு வரும். அவசரப்பட்டு அழித்துவிட்டு மறுபடி ஏற்றாமல் சற்றுப் பொறுத்து அனுப்பினால் போதும். கைப்பேசி எண்ணால் உறுதிசெய்யாத யூடியூப் கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. Unlisted என்றால் சுட்டி உள்ள எவரும் பார்க்கலாம்; குழந்தை இருக்கும் வீடியோவுக்கு Private வைத்து, பார்க்க வேண்டியவர்களின் மின்னஞ்சலைச் சேர்ப்பதையே நான் விரும்புகிறேன்.

அனுப்பிய பின் வரும் புகார்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: "சத்தம் வருது, படம் வரல." இது பெரும்பாலும் H.265 என்ற சுருக்க முறையால் வருவது. புதிய கைப்பேசிகள் அதில்தான் பதிவு செய்கின்றன. பாதி இடத்தில் அதே தரம் கிடைக்கும். பழைய டிவிக்கும் லேப்டாப்புக்கும் அதைப் படிக்கத் தெரியாது. எடிட்டிங் செயலியிலிருந்து வெளியே எடுக்கும்போது H.264, MP4 என்று கொடுத்துவிட்டால் இந்தப் புகார் வராது.

வைகாசியில் எங்கள் உறவினர் ஒருவர் டொரன்டோவுக்குப் புறப்பட்டார். அவர் கையில் ஒரு பென் டிரைவ் கொடுத்து அனுப்பினோம், மாமன் வீட்டு டிவியில் செருகிப் பார்ப்பதற்காக. பல டிவிகள் FAT32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவைத்தான் தயங்காமல் படிக்கின்றன. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. 12 நிமிடப் பிரதியை நொடிக்கு 20 மெகாபிட்டில் எடுத்தாலும் 1,800 எம்பிதான் வருகிறது. அதோடு வெட்டாத சில நீளமான கிளிப்களையும் தனித்தனிக் கோப்பாக வைத்தோம்: சீர் வரிசை முழுசாக, அம்மாச்சி பேசிக்கொண்டே இருக்கும் ஒன்பது நிமிடம், வேப்பமரத்தடி நாதஸ்வரம். கோப்புகளின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டோம். டிவி அந்த வரிசையில்தான் காட்டும்.